கனடாக் காசு யாழ்ப்பாணத்துக்கு வரும்போது: பெரிய தொகைக்கு நல்ல றேற் வாங்குவது எப்படி

கொக்குவிலில் ஒரு காணி பேசி முடித்தாயிற்று. ரொறொன்ரோவிலிருந்து அண்ணன் 80,000 கனடா டொலர் அனுப்பப் போகிறார். இந்த நிலையில் பெரும்பாலானோர் தம்முடைய ரூபாக் கணக்கு இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். காசும் வரும். வங்கிப் பலகையில் அன்று போட்டிருந்த றேற்றில் தானாகவே ரூபாவாக மாறி, கணக்கில் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் பேச முடியாது.

பலகையில் இருப்பது 200 டொலர் மாற்ற வருபவருக்கான றேற். 80,000 கொண்டு வருபவர் கேட்டால் வேறு றேற் உண்டு. ஆனால் கேட்க வேண்டும், அதுவும் காசு வருவதற்கு முன்பே கேட்க வேண்டும். கீழே வரும் றேற்றுகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்தவை. அன்றைய உண்மையான எண்களைப் போட்டு நீங்களே திரும்பச் செய்து பாருங்கள்.

1. வங்கி ஏன் பெரிய தொகைக்கு இறங்கி வருகிறது

இது விளங்காமல் பேரம் பேசப் போனால், வங்கி ஏதோ தயவு செய்வதுபோல் நினைத்து முதலில் சொன்ன றேற்றுக்கே தலையாட்டிவிடுவீர்கள்.

முதல் காரணம் வேலைச் செலவு. 500 டொலர் வந்தாலும் 80,000 டொலர் வந்தாலும் வங்கிக்கு வேலை ஏறக்குறைய ஒன்றுதான். செய்தியைப் பார்க்க வேண்டும், அனுப்பியவரைச் சரிபார்க்க வேண்டும், கணக்கில் வரவு வைக்க வேண்டும். அந்த வேலைக்கு 2,500 ரூபா செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 டொலரில் அதை எடுப்பதென்றால் ஒரு டொலருக்கு 5 ரூபா கழிக்க வேண்டும். 80,000 டொலரில் எடுப்பதென்றால் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 3 சதம் போதும்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. பலகை றேற் காலையில் போடப்படுகிறது. அன்று மாலைவரை எந்தக் கிளையில் யார் எவ்வளவு கொண்டு வருவார்கள் என்பது கொழும்பிலிருந்து வங்கியின் வெளிநாட்டு நாணயத்தை வாங்கி விற்கும் ட்ரெஷரிப் பிரிவுக்குத் தெரியாது. சிறு தொகைகள் சேர்ந்து விற்கக்கூடிய அளவுக்கு வரும்வரை வங்கி அவற்றைக் கையில் வைத்திருக்கிறது. இதற்கிடையில் டொலர் இறங்கினால் நட்டம் வங்கிக்கு. அந்தப் பயத்துக்கான பாதுகாப்புத்தான் பலகை றேற்றில் இருக்கும் அகலமான இடைவெளி. பெரிய தொகை தனியாக வந்தால் கதை வேறு. ட்ரெஷரியில் றேற் தீர்மானிக்கும் அலுவலரான டீலர் உங்களுக்கு றேற் சொல்லும் அதே நேரத்தில் திரையில் சந்தை விலையைப் பார்க்கிறார். உங்களிடம் வாங்கியதை உடனே இன்னொரு வங்கிக்கோ, சாமான் இறக்குமதி செய்யும் ஒரு வாடிக்கையாளருக்கோ விற்றுவிடலாம். கையில் வைத்திருக்கும் நேரம் சில நிமிடம்தான் என்பதால் பாதுகாப்புக்கு ஒதுக்கும் தொகையும் சிறிது.

மூன்றாவது, நீங்கள் வேறு வங்கிக்குப் போகக்கூடியவர். 200 டொலருக்காக யாரும் வங்கி மாற மாட்டார்கள் என்பது வங்கிக்குத் தெரியும். 80,000க்கு மாறுவார்கள் என்பதும் தெரியும்.

இதற்கும் எல்லை உண்டு. தொகை கூடக்கூட றேற் கூடிக்கொண்டே போகாது. முதலில் வேகமாக நல்லதாகும், பிறகு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றுவிடும். எங்கள் டொலர்-ரூபாச் சந்தை சிறியது. மிகப் பெரிய தொகையை ஒரேயடியாக விற்கப் போனால் அதுவே விலையை அசைக்கும் என்று டீலர் தயங்குவார். வீடு, காணி அளவுத் தொகைகளுக்கு இந்தக் கவலை தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு வங்கியும் ஒரு நாளில் எவ்வளவு வெளிநாட்டு நாணயத்தை விற்காமல் வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது. அந்த வரம்பை நெருங்கிய வங்கி உங்களிடம் வாங்க ஆசைப்படாது. இறக்குமதிக் கட்டணம் கட்ட டொலர் தேடும் வங்கி அதே நாளில் நல்ல றேற் சொல்லும். ஒரே வேளையில் இரண்டு வங்கிகள் வேறுவேறு றேற் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2. காசு வந்து இறங்கும் கணக்கு: முதலில் இதைத் திறவுங்கள்

ரூபாக் கணக்குக்கு வந்த வெளிநாட்டுக் காசு வழமையாகத் தானாகவே மாறிவிடும். அதைத் தடுக்க ஒரே வழி, வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்கக்கூடிய கணக்கு. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்கீழ் இலங்கையில் வசிப்பவரும் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறக்கலாம். படிவத்தில் PFCA என்று இருக்கும். அந்தக் கணக்கில் காசு டொலராகவே இருக்கும். நீங்கள் சொல்லும் நாளில், பேசி முடித்த றேற்றில்தான் ரூபாவாகும்.

எல்லா வங்கியும் எல்லா நாணயத்திலும் இந்தக் கணக்கைத் திறப்பதில்லை. "PFCA இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "கனடா டொலரில் திறப்பீர்களா, எவ்வளவு வைப்பு வேண்டும், அதில் வந்த காசை எடுக்கக் கட்டணம் உண்டா?" என்று மூன்றையும் கேளுங்கள். அமெரிக்க டொலரில் மட்டும்தான் என்றால் கனடாக் காசு வரும் வழியிலேயே ஒருமுறை மாற்றப்படும். அங்கே ஒரு இழப்பு, இங்கே ஒரு இழப்பு என்று இரட்டிப்பாகும்.

கணக்குத் திறக்கத் தேசிய அடையாள அட்டை, முகவரிக்கு மின்பட்டியல் அல்லது நீர்ப்பட்டியல், தொழில் விபரம் ஆகியவை வேண்டும். கிளைக்குப் பழக்கமான வாடிக்கையாளர் என்றால் விரைவில் முடியும். புதிதாகப் போகிறவர் ஒரு கிழமை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தக் கணக்கிலிருந்து ரூபாவாக மாற்றியதைத் திரும்பவும் வெளிநாட்டு நாணயமாக அதே கணக்குக்குள் போட முடியாது. காணி பேச்சு முறிந்துபோகக்கூடிய நிலையில் இருந்தால் முழுவதையும் மாற்ற அவசரப்படாதீர்கள். முற்பணத்துக்கு வேண்டியதை மாற்றிவிட்டு மிச்சத்தை டொலராகவே விடுங்கள்.

இன்னொன்று. காணியை உங்கள் பெயரில் எழுதாமல் வெளிநாட்டிலிருக்கும் அண்ணனின் பெயரிலேயே எழுதப் போவதென்றால் பாதை வேறு. அதற்கு உள்முக முதலீட்டுக் கணக்கு என்று தனிக் கணக்கு இருக்கிறது. பின்னொருநாள் விற்று, காசைத் திரும்பக் கனடாவுக்குக் கொண்டுபோக அந்தத் தடம் தேவைப்படும். இதை நொத்தாரிசிடமும் வங்கியிடமும் சேர்த்துக் கேட்டபிறகுதான் காசு புறப்பட வேண்டும்.

3. அனுப்புபவருக்குச் சொல்ல வேண்டியவை

அங்கே வங்கியில் நிற்கும் அண்ணனுக்கு மூன்று விடயம் தெளிவாகத் தெரிய வேண்டும். எழுதியே அனுப்புங்கள்.

கனடா டொலராகவே அனுப்பச் சொல்லுங்கள். "உங்கள் நாட்டுக் காசிலேயே அனுப்பித் தருகிறோம்" என்று அங்குள்ள வங்கி உதவிபோலச் சொல்லும். அப்படி ரூபாவாக வந்தால் மாற்றும் வேலை அங்கேயே முடிந்துவிட்டது, உங்களுக்குப் பேச ஒன்றுமில்லை. அமெரிக்க டொலராக மாற்றி அனுப்புவதும் அதே போலத்தான். அங்கே சாதாரண வாடிக்கையாளருக்கான றேற்றில் மாறியிருக்கும்.

ஒரே தொகையாக அனுப்பச் சொல்லுங்கள். கனடாவில் 10,000 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட வெளிநாட்டு அனுப்பல்களை வங்கி அரச நிறுவனத்துக்கு அறிவிக்கும். அந்தப் பயத்தில் 9,000, 9,000 ஆகப் பிரித்து அனுப்புகிறவர்கள் பலர். அறிவிப்பது வழமையான நடைமுறை. அதனால் வரி எதுவும் வராது. பிரித்து அனுப்புவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும், காசை இடையில் நிறுத்தும். இலங்கையிலும் பத்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட மின்னணுப் பரிமாற்றங்களை வங்கிகள் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கின்றன. இங்கும் பயப்பட ஒன்றுமில்லை. பிரித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் அனுப்பும் கட்டணம் தனி, ஒவ்வொரு துண்டும் சிறு தொகை. பேரம் பேசக் கையில் எதுவும் மிஞ்சாது. அக்கா சுவிஸிலிருந்தும் அண்ணன் கனடாவிலிருந்தும் ஆளுக்குப் பாதி அனுப்புவதென்றாலும் இரண்டும் ஒரே கிழமையில் வந்து சேரும்படி ஒழுங்கு செய்தால், டீலரிடம் ஒரே நேரத்தில் இரண்டையும் வைத்துப் பேசலாம்.

கட்டணம் யார் கட்டுவது என்ற இடத்தில் OUR, SHA, BEN என்று மூன்று தெரிவு இருக்கும். OUR என்றால் அனுப்புபவரே எல்லாக் கட்டணத்தையும் கட்டுகிறார். SHA என்றால் இடையிலுள்ள வங்கி தன் கட்டணத்தைத் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இந்த அளவுத் தொகைக்கு அது பெரிய காசில்லை. ஆனால் நீங்கள் 80,000க்கு றேற் முடித்து, வந்தது 79,965 ஆக இருந்தால் கணக்கு இடிக்கும். அதற்காகவே OUR நல்லது.

அனுப்பியதும் ஸ்விவ்ட் செய்தியின் பிரதியை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். காசு எந்த வங்கியில் நிற்கிறது என்று தேட அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

உண்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. உண்டியல்காரர் சொல்லும் றேற் பலகை றேற்றைவிடக் கூடவாக இருக்கும், அதைப் பார்த்துத்தான் பலர் போகிறார்கள். ஆனால் அது சட்டத்துக்குப் புறம்பானது. அப்படி வந்த காசுக்கு வங்கிக் காகிதமும் கிடையாது. நாளைக்குக் காணி வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. பேசி வாங்கும் றேற்றோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசமும் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதம்

வந்த காசு கணக்கில் விழாமல் நிற்பதற்கு அநேகமாகக் காகிதம்தான் காரணம். அண்ணனுக்கு இந்தக் காசு எப்படி வந்தது என்பதற்கு அவருடைய சம்பளப் பத்திரம், வங்கிக் கூற்று, அல்லது அங்கே வீடு விற்றிருந்தால் அந்தப் பத்திரம் வேண்டும். இங்கே எதற்கு என்பதற்குக் காணி விற்பனை உடன்படிக்கையின் பிரதி. அவருக்கும் உங்களுக்குமான உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ்களின் பிரதி. இவை எல்லாவற்றையும் எல்லாக் கிளையும் கேட்காது. ஆனாலும் காசு புறப்படமுன் கிளையில் கொடுத்து, "இது போதுமா?" என்று கேட்டு வைத்துவிடுங்கள். றேற் பேசி முடித்தபிறகு காகிதம் போதாது என்று தெரியவந்தால் ஏற்படும் நட்டம் உங்களுடையது.

5. நியாயமான றேற் எது என்று நீங்களே கணிப்பது

கனடா டொலருக்கும் ரூபாவுக்கும் நேரடிச் சந்தை கிடையாது என்றே சொல்லலாம். டீலர் இரண்டு எண்ணை எடுத்து ஒன்றை மற்றதால் வகுக்கிறார். ஒன்று, ஒரு அமெரிக்க டொலருக்கு எத்தனை ரூபா. மற்றது, ஒரு அமெரிக்க டொலருக்கு எத்தனை கனடா டொலர்.

முதலாவதற்கு மத்திய வங்கியின் cbsl.gov.lk தளம் இருக்கிறது. வங்கிகள் தமக்குள் செய்த பரிவர்த்தனைகளின் சராசரி ஒவ்வொரு வேலைநாளும் அங்கே வரும். அது முந்தைய நாளினது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்குக் கூகிளில் USD/CAD என்று தட்டினால் போதும்.

```
299.80 / 1.3705 = 218.75
```

ஆக, அந்த நேரத்தில் ஒரு கனடா டொலரின் சந்தை மதிப்பு 218 ரூபா 75 சதம். பலகையில் ரிரி வாங்கும் றேற், அதாவது கணக்குக்கு வரும் காசை வங்கி வாங்கும் றேற், 214.50 என்று இருக்கிறது. இடைவெளி 4 ரூபா 25 சதம். 80,000க்கு அது 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா. பேரம் நடக்கும் இடம் அதற்குள்தான். 218.75 உங்களுக்குக் கிடைக்காது, அது வங்கிகள் தமக்குள் மாற்றும் விலை. ஆனால் 214.50க்கும் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

பலகையைப் பார்க்கும்போது இரண்டு தவறு வழமையாக நடக்கிறது. தாளாகக் கொண்டுவரும் காசுக்கான நிரல் வேறு, கணக்குக்கு வரும் காசுக்கான ரிரி நிரல் வேறு. உங்களுடையது ரிரி. அடுத்தது, வாங்குவது, விற்பது என்று பலகையில் போட்டிருப்பது வங்கியின் பக்கத்திலிருந்து. நீங்கள் கனடா டொலரை விற்கிறீர்கள், வங்கி வாங்குகிறது. உங்களுக்குரியது சிறிய எண் இருக்கும் 'வாங்கும்' நிரல்.

பவுண்ஸ், யூரோ என்றால் வகுக்காமல் பெருக்க வேண்டும். ஏனென்றால் அவை ஒரு பவுண்ஸுக்கு எத்தனை அமெரிக்க டொலர் என்றே சொல்லப்படுகின்றன. சுவிஸ் பிராங் கனடாவைப் போல வகுப்பதுதான்.

6. றேற்றைப் பேசாதீர்கள், மார்ஜினைப் பேசுங்கள்

பெரும்பாலானவர்கள் "எவ்வளவு தருவீர்கள்?" என்று ஒரு எண்ணைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். காசு வர ஐந்தாறு நாள் ஆகும். அதற்குள் சந்தை இறங்கியிருந்தால், "அன்றைக்கு 217 சொன்னீர்களே" என்று சண்டை பிடித்துப் பயனில்லை. சந்தை ஏறியிருந்தால் அதே 217ஐத் தந்து உங்களைச் சந்தோசப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். அதில் நீங்கள் இழந்தது உங்களுக்குத் தெரியவே வராது.

எனவே காசு புறப்படமுன் கிளைக்குப் போய் முகாமையாளரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "எண்பதாயிரம் கனடா டொலர் வருகிறது, சேர். இந்த அளவுக்கு உங்கள் ட்ரெஷரி சந்தை விலையிலிருந்து எத்தனை ரூபா கழிக்கும்?" நாளுக்கு நாள் மாறுவது சந்தை. வங்கி எடுக்கும் மார்ஜின் அவ்வளவு மாறாது. ஒரு வங்கி இரண்டு ரூபா என்றும் இன்னொன்று ஒன்றரை ரூபா என்றும் சொன்னால், அந்த ஒப்பீடு அடுத்த கிழமையும் செல்லும். இரண்டு வங்கிகளிடம் இரண்டு வேறு நேரத்தில் றேற் கேட்டு ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது வங்கியை அல்ல, சந்தையின் அசைவை.

இதைக் காசு வரமுன் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காசு ஒரு வங்கிக் கணக்கில் இறங்கிவிட்டால், அதை வேறு வங்கிக்கு மாற்றக் கட்டணமும் நாட்களும் போகும் என்பது அந்த வங்கிக்குத் தெரியும். உங்கள் பலம் காசு ரொறொன்ரோவில் நிற்கும்வரைதான். ஆஸ்பத்திரி வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் நடந்துபோகும் தூரத்துக்குள் பல வங்கிகள் இருக்கின்றன. ஒரு காலைப்பொழுது செலவழித்து மூன்று கிளையிலாவது கேளுங்கள்.

சில கிளைகளில் "பலகையில் இருப்பதுதான் றேற்" என்று கவுண்டரில் சொல்வார்கள். கவுண்டரில் இருப்பவருக்கு அதை மாற்ற அதிகாரம் இல்லை என்பதால் அவர் சொல்வது அவரளவில் சரி. முகாமையாளரிடமோ வெளிநாட்டு நாணயப் பொறுப்பாளரிடமோ போய், "ட்ரெஷரிக்கு ஒரு கோல் எடுத்து ஸ்பெஷல் றேற் கேட்டுத் தாருங்கள்" என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள்.

நிலையான வைப்போடு சேர்த்து ஒரு பேச்சு வரும்: "றேற்றைப் பற்றி யோசிக்காதீர்கள், இந்தக் காசை மூன்று மாதம் வைப்பில் போடுங்கள், வட்டியில் அரை வீதம் கூட்டித் தருகிறோம்." கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கோடி 74 இலட்சத்துக்கு மூன்று மாதத்தில் அந்த அரை வீதம் தருவது 21,750 ரூபா. றேற்றில் இரண்டு ரூபா குறைந்தால் போவது 1 இலட்சத்து 60 ஆயிரம். றேற்றை முதலில் முடியுங்கள், வைப்பைப் பிறகு தனியாகப் பேசுங்கள்.

7. அந்தத் தொலைபேசி அழைப்பு

காசு கணக்கில் விழுந்துவிட்டது என்று உறுதியானபிறகுதான் இந்தப் படி. காசு வரமுன் றேற்றை முடித்துவிட்டால், குறித்த நாளில் காசு வராதபோது வங்கி அந்த விற்பனையைத் திருப்ப வேண்டிவரும். அதில் வரும் நட்டத்தை உங்களிடம்தான் வாங்கும்.

காலை பத்து மணிக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. அப்போது கொழும்புச் சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் இருக்கிறார்கள். பிற்பகலில், அதுவும் வெள்ளி பிற்பகலில், டீலர் சனி ஞாயிறுக்கான பயத்தையும் சேர்த்துக் கழிப்பார். போயா தினங்களில் வங்கி பூட்டு. கனடாவின் விடுமுறை நாட்களிலும் கனடா டொலர் பரிமாற்றம் நகராது. இரண்டு நாட்காட்டியையும் பார்த்து நாளைத் தெரியுங்கள்.

போக முன் கைத்தொலைபேசியில் இரண்டு எண்ணையும் பார்த்து 218.75 போன்ற உங்கள் கணக்கைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஏற்றுக்கொள்ளக்கூடிய கடைசி எண்ணையும் எழுதுங்கள். வேறு வங்கி சொன்ன மார்ஜின் ஒன்றரை ரூபா என்றால் அந்தக் கடைசி எண் 217.25.

பல கிளைகளில் வாடிக்கையாளர் டீலரிடம் நேரே பேச முடியாது, கிளை அலுவலர்தான் பேசுவார். அப்படியென்றால் அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொள்ளுங்கள். "விலை கேட்டுவிட்டுப் பிறகு சொல்கிறோம்" என்று உங்களை அனுப்பிவிட இடம் கொடுக்காதீர்கள். டீலர் சொல்லும் றேற் சில நொடிகளுக்கு, மிஞ்சினால் ஓரிரு நிமிடத்துக்குத்தான் செல்லும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"மிஸ், கனடா டொலர் எண்பதாயிரம், நான் விற்கிறேன். காசு கணக்கில் நிற்கிறது. இன்றைக்கே ரூபாவாக வேண்டும். றேற் கேளுங்கோ."

"இருநூற்றுப் பதினாறு ஐம்பது சொல்கிறார்."

"இப்ப சந்தை இருநூற்றுப் பதினெட்டு எழுபத்தைந்தில நிற்குது. இரண்டே கால் ரூபா கழிச்சால் கூட. இன்னொரு வங்கி ஒன்றரைக்குச் செய்யுது. இருநூற்றுப் பதினேழு தொண்ணூறுக்குக் கேட்டுப் பாருங்கோ."

"அவ்வளவு ஏலாதாம். பதினேழு அறுபது கடைசியாம்."

"சரி மிஸ், அறுபதுக்கு முடியுங்கோ."

இந்தச் சிறிய பேச்சில் கவனிக்க நாலு விடயம் இருக்கிறது. தொகை, நாணயம், வாங்குவதா விற்பதா, எந்த நாளுக்கு என்று நான்கையும் முதல் வாயிலேயே சொல்லியாயிற்று. நாள் முக்கியம், ஏனென்றால் அதே நாளுக்கான றேற்றும் இரண்டு வேலைநாள் கழித்துத் தீர்க்கும் ஸ்பொட் றேற்றும் ஒன்றல்ல. காணிக்காரருக்குக் காசு வெள்ளிக்கிழமைதான் கொடுக்க வேண்டும் என்றால் இரண்டு விதத்திலும் கேட்டுப் பார்க்கலாம். அடுத்தது, உங்கள் எண்ணை நீங்கள் முதலில் சொல்லவில்லை. டீலரின் எண் வந்தபிறகுதான் சொன்னீர்கள். நீங்கள் முதலில் 216 என்று சொல்லியிருந்தால் அதிலேயே முடிந்திருக்கும். மூன்றாவது, "கொஞ்சம் கூட்டித் தாருங்கோ" என்று கெஞ்சாமல் எண்ணோடு பேசினீர்கள். சந்தையைப் பார்த்துவிட்டு வந்தவர் என்று தெரிந்ததும் டீலரின் அடுத்த எண் மாறுகிறது. நான்காவது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினீர்கள். 217.60 உங்கள் கடைசி எண்ணான 217.25ஐவிட மேலே. இன்னும் பத்துச் சதத்துக்காக இழுத்தால் கிடைப்பது 8,000 ரூபா. அதற்குள் சந்தை இருபது சதம் இறங்கினால் போவது 16,000.

ஒரு எச்சரிக்கை: வேறு வங்கி ஒன்றரைக்குச் செய்கிறது என்று உண்மையில் கேட்டிருந்தால் மட்டும் சொல்லுங்கள். டீலர்களுக்கு மற்ற வங்கிகளின் நிலை ஓரளவு தெரியும். நடக்காத எண்ணைச் சொன்னால், "அப்படியென்றால் அங்கேயே செய்யுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

"முடியுங்கோ" என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அது ஒப்பந்தம். ட்ரெஷரி அழைப்புகள் ஒலிப்பதிவு செய்யப்படுகின்றன. டீலர் அந்த நிமிடமே உங்கள் டொலரை வேறொருவருக்கு விற்றிருப்பார். பிற்பகலில் றேற் ஏறியது என்று போய் மாற்றக் கேட்க முடியாது. இறங்கினால் வங்கியும் கேட்காது.

கணக்கைப் பார்ப்போம். பலகை றேற்றில் கிடைத்திருக்கக்கூடியது 1 கோடி 71 இலட்சத்து 60 ஆயிரம். பேசிய றேற்றில் கிடைப்பது 1 கோடி 74 இலட்சத்து 8 ஆயிரம். வித்தியாசம் 2 இலட்சத்து 48 ஆயிரம் ரூபா. அதில் 88,000 டீலரின் முதல் எண்ணுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஒருமுறை திருப்பிக் கேட்டதால் வந்தது.

8. கிளையை விட்டு வெளிக்கிடமுன்

டீல் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாற்றக் கோரும் கடிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் தொகை, 217.60 என்ற றேற், திகதி, ரூபா போகவேண்டிய கணக்கு இலக்கம் எல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். றேற்றுக்கான இடம் வெறுமையாக இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். வெறுமையாகப் போன கடிதம் பலகை றேற்றில் பதிவாவது வழமையாக நடக்கும் பிழை. அது யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பதிபவரின் திரையில் முதலில் வருவது பலகை றேற். ஸ்பெஷல் றேற்றை அவர் கையால் மாற்ற வேண்டும்.

அதனால் அன்றைக்கே, வங்கி பூட்டமுன், கணக்கில் விழுந்த ரூபாவைத் தொலைபேசியில் பார்த்து 80,000ஆல் வகுத்துப் பாருங்கள். 217.60 வரவில்லை என்றால் டீல் இலக்கத்தோடு உடனே கிளைக்குச் சொல்லுங்கள். அதே நாளில் என்றால் பதிவைத் திருப்பிச் சரிசெய்வது கிளைக்கு இலேசு. மறுநாள் என்றால் கடிதம் எழுத வேண்டும், கொழும்பின் அனுமதி வர வேண்டும். காணி எழுதும் நாளும் அதோடு தள்ளிப்போகும்.